மதகை அடைத்தது எங்கள் சாப்பாட்டுத் தாள்

மதிப்புக்குரிய அதிபர் அவர்களுக்கும், பிரதி அதிபருக்கும், சக ஆசிரியர்களுக்கும், பிள்ளைகளுக்கும் காலை வணக்கம்.

மூன்று வாரத்துக்குப் பிறகு இன்றுதான் வெளியில் நின்று பிரார்த்தனை செய்கிறோம். மழை விட்டுவிட்டது, ஆனால் மண் இன்னும் காயவில்லை. அதனால் யாரும் இருக்கவேண்டாம், நின்றபடியே கேளுங்கள். பத்து நிமிடத்துக்குள் முடித்துவிடுவேன்.

போன வாரம் செவ்வாய்க்கிழமை காலை வாசலில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். முழங்கால் அளவு தண்ணீர். அப்பாமார் மோட்டார் சைக்கிளைத் தெருவிலேயே நிறுத்திவிட்டுச் சின்னப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார்கள். தரம் 6 பிள்ளை ஒன்றின் சப்பாத்து ஒன்று மிதந்து போய், பிறகு வேலிக்கரையில் கிடைத்தது. அன்றைக்கு எல்லோரும் மழையைத்தான் திட்டினோம். நானும் திட்டினேன்.

மழை விட்ட அடுத்த நாள் எங்கள் சிற்றூழியர் அண்ணை வாசல் மதகுக்குள் மண்வெட்டியை விட்டுக் கிளறினார். நான் பக்கத்தில் நின்றேன். முதலில் கொஞ்சம் சேறும் வேப்பஞ்சருகும் வந்தன. அப்புறம் ஏதோ தடித்த சாக்குப் போல ஒன்று வந்தது. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. வெளியே போட்டு விரித்துப் பார்த்தால் சாக்கு இல்லை. ஒன்றோடு ஒன்று ஒட்டிப்போன, சாப்பாடு சுற்றுகிற பொலித்தீன் லஞ்ச் ஷீற்றுகள். சிலவற்றில் மஞ்சள் கறை அப்படியே இருந்தது. ஒன்றின் மடிப்புக்குள் நாலைந்து புட்டு மணி கூட இருந்தது. அவற்றுக்குப் பின்னால் சோடாப் போத்தல்கள், ரொபி உறைகள், யோகட் கப்புகள். ஒரு கப்பில் தேங்கி நின்ற தண்ணீரை அண்ணை என்னிடம் காட்டினார். நுளம்புக் குடம்பிகள் நெளிந்துகொண்டிருந்தன.

அது ஊர்க்குப்பை இல்லை பிள்ளைகள். அந்த மதகுக்கு மேலே வீடும் இல்லை, கடையும் இல்லை. எங்கள் மைதானத்து வாய்க்கால் மட்டும்தான் அதில் வந்து சேர்கிறது. நாங்கள் இடைவேளையில் சாப்பிட்டது, மாரி மழையில் எங்கள் வாசலுக்கே திரும்பி வந்திருக்கிறது.

ஒரு கணக்குப் பார்ப்போம். ஒரு பிள்ளை ஒரு நாளைக்கு ஒரு லஞ்ச் ஷீற். பள்ளிக்கூடம் வருடத்தில் ஏறத்தாழ 200 நாள். நாங்கள் 600 பேர். எல்லோரும் அப்படிக் கொண்டுவந்தால் வருடத்துக்கு 120,000 ஷீற். எல்லோரும் கொண்டுவருவதில்லை, தெரியும். பாதி என்று வைத்தாலும் 60,000. ஒவ்வொன்றும் பயன்படுவது எவ்வளவு நேரம்? காலை ஆறு மணிக்கு அம்மா சுற்றுகிறா, பத்தரைக்கு நீங்கள் பிரிக்கிறீர்கள். நாலரை மணித்தியாலம். அதன் பிறகு அது உக்காது. வெயிலில் காய்ந்து நொறுங்கிச் சின்னச் சின்னத் துண்டாகும், அவ்வளவுதான்.

இதில் இன்னொன்று. இந்த லஞ்ச் ஷீற் இலங்கையில் 2017 செப்ரெம்பர் 1ஆம் திகதியே தடை செய்யப்பட்டது. இங்கே நிற்கும் சிறிய வகுப்புப் பிள்ளைகளில் பலர் அப்போது பள்ளிக்கூடமே போகத் தொடங்கியிருக்கமாட்டீர்கள். 2023 ஒக்ரோபர் 1 முதல் உறிஞ்சு குழாய், பிளாஸ்ரிக் கரண்டி, கோப்பை, பிளாஸ்ரிக் பூமாலை, ஏன், இடியப்பத் தட்டுக்கூடத் தடை. 2025 நவம்பரில் இருந்து கடைகளில் ஷொப்பிங் பையை இலவசமாகத் தரக்கூடாது. சட்டம் இருக்கிறது. ஆனாலும் மதகுக்குள்ளிருந்து வந்தவை ஷீற்றுகள்தான். நாங்கள் கேட்கிறோம், கடைக்காரர் எங்கேயோ ஒரு கட்டு வைத்திருந்து எடுத்துத் தருகிறார். கேட்பது நின்றால் அந்தக் கட்டு தூசி பிடித்துக் கிடக்கும்.

"அதுக்கென்ன சேர், கூட்டி எரித்துவிடலாம்தானே" என்று போன வருடம் ஒரு பிள்ளை கேட்டான். நல்ல கேள்வி, ஏனென்றால் எங்கள் வளவுகளில் பாதிப்பேர் பின்னேரம் செய்வது அதைத்தான். பிளாஸ்ரிக் குறைந்த சூட்டில் எரியும்போது கரும்புகையோடு டயொக்சின் போன்ற நஞ்சும் வரும். அது முதலில் போவது எரிக்கிறவரின் மூக்குக்கு, பிறகு பக்கத்து வீட்டுக் குழந்தையின் மூக்குக்கு. மிச்சம் சாம்பலாக நிலத்தில் கிடக்கும்.

அந்த நிலத்தைப் பற்றித்தான் கொஞ்சம் நின்று பேசவேண்டும். யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு ஒன்று இருக்கிறதா? இல்லை. வழுக்கையாறு மழைக்கு ஓடும், கோடைக்குக் காணாமல் போகும். நாங்கள் குடிப்பதும் குளிப்பதும் வெங்காயத்துக்கு இறைப்பதும் கிணற்றுத் தண்ணீரில். அந்தத் தண்ணீர் எங்கள் காலுக்குக் கீழே சுண்ணாம்புக் கல்லுக்குள் நிற்கிறது. சுண்ணாம்புக் கல்லில் வெடிப்பும் பொந்தும் நிறைய. மழை விழுந்தால் மளமளவென்று கீழே இறங்கும். மேலே கிடக்கும் அழுக்கையும் சாம்பலில் கரைவதையும் சேர்த்துக்கொண்டுதான் இறங்கும். வேறு ஊரில் குப்பையை ஆறு எங்கேயாவது கொண்டுபோகும். எங்களுக்கு அப்படி ஓர் இடம் இல்லை. குடிதண்ணீர் போதாமல் தாளையடியில் கடல் தண்ணீரை நன்னீராக்கிக் குடிக்கும் நிலைக்கு வந்துவிட்டோம். இருக்கிற கிணற்றையாவது காப்பாற்றவேண்டாமா?

குடம்பி பற்றியும் சொல்லவேண்டும். கார்த்திகை தொடங்கித் தை வரைக்கும் இங்கே டெங்குக் காலம். நுளம்புக்குக் குளம் தேவையில்லை, ஒரு யோகட் கப் போதும். முட்டையில் இருந்து கடிக்கிற நுளம்பாக மாற ஒரு வாரம், பத்து நாள்தான். போன தவணை உங்கள் வகுப்புகளில் எத்தனை கதிரை காலியாகக் கிடந்தது என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டுக்காரருக்குப் பசு ஒன்று இருந்தது. நாளுக்கு நாலு போத்தல் பால் கறந்தது. வயிறு ஊதி, சாப்பாடு விட்டு, நாலாம் நாள் செத்துப்போனது. வயிற்றை வெட்டிப் பார்த்த மிருக வைத்தியர் உள்ளே இருந்து எடுத்தது கயிறு போல முறுகிய பொலித்தீன். சாப்பாட்டு வாசம் இருந்ததால் மாடு பையோடு விழுங்கியிருக்கிறது. யாரோ கட்டி எறிந்த மிச்சச் சோறு.

சரி, பிளாஸ்ரிக்கே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. கிணற்று வாளி பிளாஸ்ரிக். ஆஸ்பத்திரியில் சேலைன் பை பிளாஸ்ரிக். அவை வேண்டும். நான் சொல்வது ஒருதரம் தொட்டுவிட்டு எறிகிற சாமானை. அதிலும் எல்லாவற்றையும் இன்றைக்கே விடச் சொல்லவில்லை. சாப்பாடு, தண்ணீர், கடை, இந்த மூன்று இடத்தில் மட்டும் கொஞ்சம் மாறுங்கள்.

சாப்பாட்டுக்குப் பெட்டி கொண்டுவாருங்கள். புதிதாக வாங்கவேண்டாம், வீட்டுக் குசினியில் மூடி தேடிக்கொண்டு ஒரு சில்வர் பெட்டி கட்டாயம் இருக்கும். பழைய பிளாஸ்ரிக் பெட்டி இருந்தால் அதுவும் நல்லதுதான், ஆனால் சுடச்சுடப் போடாதீர்கள். சூடும் எண்ணெயும் பட்டால் பிளாஸ்ரிக்கில் கலந்திருப்பவை சாப்பாட்டுக்குள் இறங்கும். லஞ்ச் ஷீற்றில் சுடுபுட்டைச் சுற்றும்போதும் அதுதான் நடக்கிறது. வளவில் வாழை நிற்கிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள். இலையை நெருப்பில் வாட்டிச் சோறு கட்டினால் அந்த வாசத்துக்கே பக்கத்தில் இருக்கிறவன் பங்கு கேட்பான்.

"பெட்டி கழுவுவது யார்?" என்று கேட்பீர்கள். அம்மா இல்லை, நீங்கள். காலை ஐந்து மணிக்கு எழும்பிச் சமைக்கிற ஆளுக்கு இன்னொரு வேலை வைக்காதீர்கள். இடைவேளை முடிய குழாயடியில் ஒரு நிமிடம் போதும்.

தண்ணீர்ப் போத்தல் வீட்டிலிருந்து வரட்டும். வடிகட்டிய தண்ணீர்க் குழாய் இரண்டும் இப்போது வேலை செய்கின்றன, நான் இன்று காலையும் பிடித்துக் குடித்தேன். வாங்குகிற தண்ணீர்ப் போத்தல் காசுக்கும் கேடு. ஒரு மாதம் அந்தக் காசைச் சேர்த்துப் பாருங்கள், ஒரு நல்ல கிரிக்கெட் பந்து வாங்கலாம்.

கடைக்குப் போகும்போது பை. இதில் நான் குற்றவாளி. போன மாதம் இரண்டு தரம் பையை மறந்துவிட்டு, தக்காளியை ஹெல்மெற்றுக்குள் போட்டுக் கொண்டுவந்தேன். மூன்றாம் தரம் வெட்கத்தில் ஷொப்பிங் பை வாங்கிவிட்டேன். அதன் பிறகு மோட்டார் சைக்கிள் சீற்றுக்குக் கீழேயே ஒரு துணிப்பை மடித்து வைத்திருக்கிறேன். உங்கள் சைக்கிள் கூடைக்குள்ளும் ஒன்று கிடக்கட்டும். கடைக்கார அண்ணை பழக்கத்தில் பையை உதறி விரிக்கும்போதே "பை வேண்டாம் அண்ணை" என்று சொல்லுங்கள். அவர் சாமானைப் போட்டபிறகு சொன்னால் இரண்டு பேருக்கும் சங்கடம்.

உங்கள் அம்மம்மாவிடம் கேட்டுப் பாருங்கள், இதெல்லாம் புதுக்கதை இல்லை என்று சொல்லுவா. மீன் வாங்கப் போனால் கையில் பனையோலை உமல். கூழ் குடித்தது பிளாவில். பனங்கட்டி வந்தது குட்டானில். கச்சான் கடதாசிச் சுருளில். பாவித்துவிட்டு அடுப்பில் போட்டார்கள், அல்லது மண்ணில் உக்கியது. தெருவெல்லாம் பனை நிற்கிற ஊரில் நாங்கள் பொலித்தீனுக்குக் காசு கொடுத்துக்கொண்டு இருக்கிறோம்.

பிறந்தநாளுக்கு வகுப்புக்கு ரொபி கொடுக்கிற வழக்கத்தை நிறுத்தச் சொன்னால் என்னோடு கோபிப்பீர்கள். நிறுத்தவேண்டாம். எள்ளுப்பாகு உருண்டை கொண்டுவாருங்கள், உறையில்லாமல். எனக்கும் ஒன்று.

திங்கட்கிழமையில் இருந்து சிற்றுண்டிச்சாலையில் வடையும் ரோல்ஸும் கடதாசியில் தருவார்கள், பிளேன்ரீ சில்வர் குவளையில். குவளையைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். மைதானத்துக்கு எடுத்துக்கொண்டு ஓடக்கூடாது. சுற்றாடல் கழகப் பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் வெள்ளிக்கிழமை குப்பைக்கூடையைக் கொட்டி லஞ்ச் ஷீற்றை எண்ணிக் கரும்பலகையில் எழுதுவார்கள். தண்டனை இல்லை, பெயர் எழுதுவதும் இல்லை. எண் மட்டும். ஆசிரியர் ஓய்வறைக் கூடையையும் எண்ணச் சொல்லியிருக்கிறேன். சில ஆசிரியர்கள் இப்போதே என்னை முறைத்துப் பார்க்கிறார்கள்.

முடிக்கிறேன். பேசத் தொடங்கியதில் இருந்து வேப்பமரத்தடியில் ஒரு பச்சை நிற பிஸ்கற் உறை காற்றில் புரண்டு புரண்டு வாய்க்கால் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது. ஐந்து நிமிடத்துக்கு முன் தரம் 9 வரிசைக்குப் பக்கத்தில் இருந்தது, இப்போது தரம் 7. யார் போட்டது என்று கேட்கமாட்டேன். தரம் 7இல் கடைசியாக நிற்கிற தம்பி, ஓடிப்போய் அதை எடுங்கள், மதகுக்குள் போவதற்கு முன். நன்றி. மற்றவர்கள் வரிசையாக வகுப்புக்குப் போகலாம், தரம் 6 முதலில்.