நரியும் நாயும்: திருவாசகத்தை இருவகையில் வாசித்தல்

(முதுகலைக் கருத்தரங்கில் வாசிக்கப்பட்ட கட்டுரை, கோலாலம்பூர்)

சென்ற ஆண்டு செந்தூலில் ஒரு துக்க வீட்டில் உட்கார்ந்திருந்தேன். உடலைச் சுற்றிப் பெண்கள் சிவபுராணம் பாடிக்கொண்டிருந்தார்கள். ஜெராக்ஸ் எடுத்துத் தைத்த சிறு புத்தகம் கை மாறி வந்தது. என் பெரியம்மா மட்டும் புத்தகத்தைப் பார்க்கவே இல்லை. ‘நாயிற் கடையாய்க் கிடந்த அடியேற்குத் தாயிற் சிறந்த தயாவான தத்துவனே’ என்ற இடத்தில் அவர் குரல் உடைந்தது. அந்த வாரம்தான் நான் நூலகத்தில் மாணிக்கவாசகர் காலம் பற்றிய குறிப்புகளை எடுத்து முடித்திருந்தேன். ஒரே நூலை நாங்கள் இருவரும் படிக்கிறோமா என்ற சந்தேகம் அங்கே தொடங்கியது.

வரலாற்றுத் திறனாய்வு ஒரு நூலை அது பிறந்த காலத்தில் நிறுத்தி வாசிக்கிறது. யார் எழுதியது, எப்போது, எந்த அடுக்கு முந்தையது, எது பின்னால் சேர்ந்தது என்று கேட்கிறது. பக்தி வாசிப்பில் நூல் இன்று, இங்கே, வாசிப்பவரைப் பார்த்துப் பேசுகிறது. முதலாவது முறை ஐரோப்பாவில் விவிலிய ஆய்வில் வளர்ந்தது என்பதால் நம்மில் பலருக்கு அதன்மேல் ஒரு மனத்தாங்கல் உண்டு. ஆனால் நம் அறிஞர்களும் இந்தக் கேள்விகளைக் கேட்காமல் இல்லை. மறைமலையடிகள் மாணிக்கவாசகரின் காலத்தைப் பற்றியே ஒரு பெரிய நூல் எழுதி, அவரை மூன்றாம் நூற்றாண்டில் வைத்தார். திருக்கோவையாரில் வரகுண பாண்டியன் பெயர் வருவதைக் காட்டி ஒன்பதாம் நூற்றாண்டு என்பவர்கள் பலர். இரண்டாம் வரகுணன் அரியணை ஏறியது 862 வாக்கில். சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் மாணிக்கவாசகர் பெயர் இல்லாததும் இந்தப் பக்கத்துக்கே வலு. ‘பொய்யடிமை இல்லாத புலவர்’ அவர்தான் என்று சிலர் சொல்கிறார்கள். நம்பியாண்டார் நம்பியோ அந்தத் தொடருக்குச் சங்கப் புலவர்களைக் காட்டுகிறார். எனக்கு ஒன்பதாம் நூற்றாண்டுதான் சரியாகப் படுகிறது. ஆனால் இந்தக் கட்டுரை காலத்தைப் பற்றியது அல்ல.

நரியைப் பற்றியது. கதை நமக்கெல்லாம் தெரியும். குதிரை வாங்கப் பாண்டியன் கொடுத்த பணத்தை அவன் அமைச்சரான வாதவூரர், அதாவது மாணிக்கவாசகர், திருப்பெருந்துறையில் கோயிலுக்குச் செலவிட்டுவிட, சிவன் நரிகளைக் குதிரைகளாக்கி மதுரைக்கு ஓட்டி வருகிறார். இரவில் அவை மறுபடி நரிகளாகி ஊளையிட்டு ஓடுகின்றன. திருவாதவூரடிகள் புராணமும் பரஞ்சோதியாரின் திருவிளையாடல் புராணமும் இதை விரிவாகச் சொல்கின்றன. இரண்டும் பாட்டுக்குப் பல நூற்றாண்டுகள் பிந்தியவை.

திருவாசகத்தில் என்ன இருக்கிறது? ஆனந்தமாலையில் ‘நரியைக் குதிரைப் பரியாக்கி ஞாலமெல்லாம் நிகழ்வித்துப் பெரிய தென்னன் மதுரையெல்லாம் பிச்சதேற்றும் பெருந்துறையாய்’ என்று வருகிறது. கீர்த்தித் திருஅகவலில் ‘நரியைக் குதிரையாக்கிய நன்மையும்’ என்று வருகிறது. அங்கே அது சிவன் பல ஊர்களில் ஆடிய ஆடல்களின் நீண்ட வரிசையில் ஒன்று. இரண்டு இடத்திலும் ‘எனக்காக’ என்ற சொல் இல்லை. பெருந்துறையில் தன்னை ஆண்டுகொண்டதை மாணிக்கவாசகர் எத்தனையோ பாட்டில் தன் அனுபவமாகவே சொல்கிறார். குதிரைக்கு மட்டும் அப்படிச் சொல்லவில்லை. அடக்கத்தால் விட்டுவிட்டார் என்று மரபு பதில் சொல்லலாம். ஆனால் அடக்கம் காரணம் என்றால் பெருந்துறையையும் அவர் மறைத்திருக்க வேண்டுமே?

ஏழாம் நூற்றாண்டின் அப்பரும் ஆரூர்ப் பதிகத்தில் ‘நரியைக் குதிரைசெய் வானும் நரகரைத் தேவுசெய் வானும்’ என்று பாடியிருக்கிறார். மாணிக்கவாசகர் அப்பருக்கு முந்தியவர் என்பதற்குச் சான்றாக இந்த வரி காட்டப்படுவது வழக்கம். அந்தக் கதை இவர்கள் இருவருக்குமே பழையது என்று கொள்வதுதான் எளிது. அப்புறம் கவனிக்க வேண்டியது அப்பர் அதை எதோடு சேர்த்துச் சொல்கிறார் என்பது. நரி குதிரையாகிறது, நரகத்துக்குரியவர் தேவராகிறார். கீழானதை மேலாக்குதல். பாண்டியன், பணம், சிறை எதுவும் இதில் இல்லை.

வாழ்க்கைக் கதையை உரித்து எடுத்தால் பாட்டுக்கு என்ன மிஞ்சும் என்று பயந்தேன். மிஞ்சியது அதிகம். ஓர் அமைச்சரின் நெருக்கடியைத் தீர்த்த தந்திரமாக இருந்தது, ஓர் ஊரையே பித்தேற்றும் ஒருவனின் முன்னால் நிற்கிற திகைப்பாக மாறிவிட்டது. பாட்டு ‘செய்வதொன்றும் அறியேனே’ என்று முடிவதும் அப்போதுதான் பொருந்துகிறது. இங்கே திறனாய்வு பக்திக்கு உதவியிருக்கிறது என்பேன்.

நாய் விஷயத்தில் நிலைமை தலைகீழ். ‘நாயேன்’, ‘புலையனேன்’ போன்ற சொற்களை எடுத்துக்கொண்டு, அமைச்சராக வாழ்ந்த காலத்துக் குற்ற உணர்ச்சி, மனமாற்றத்தின் சுவடு என்றெல்லாம் வாழ்க்கை வரலாறு கட்டுகிறவர்கள் உண்டு. முறை கறாரானதாகத் தோன்றும். ஆனால் துக்க வீட்டில் பாடிய யாரும் அந்த ‘அடியேன்’ ஒன்பதாம் நூற்றாண்டு ஆள் என்று நினைக்கவில்லை. பெரியம்மா பாடும்போது அது பெரியம்மாதான். பாடுகிறவர் உள்ளே நுழைந்துகொள்வதற்காகவே செய்யப்பட்ட ‘நான்’ அது. இது இலக்கிய வகை பற்றிய அறிவு. ஓதுகிறவர்களுக்குப் பழக்கத்தால் தெரிவது, ஆவணம் தேடுகிற நமக்குப் பிடிபடவில்லை.

போப்பையரையும் இங்கே நினைக்க வேண்டும். திருவாசகத்தை 1900-இல் ஆங்கிலத்தில் கொண்டுவந்த கிறித்துவப் பாதிரியார். ‘நான் ஒரு தமிழ் மாணவன்’ என்று அவர் கல்லறையில் எழுதியிருப்பதாக நம் மேடைகளில் கேட்காத ஆண்டில்லை. ஆக்ஸ்போர்டில் இருக்கும் அந்தக் கல்லில் அப்படி ஒரு வரி இல்லை. பக்தி ஒரு மொழிபெயர்ப்பாளருக்கும் நூறே ஆண்டில் புராணம் எழுதிவிட்டது. கல்லைப் போய்ப் படித்தவர்களால்தான் அது தெரிந்தது. அதே சமயம், தமிழர்கள் அவரை எப்படி ஏற்றுக்கொண்டார்கள் என்பதற்கு அந்தப் பொய் வரிதான் நல்ல சான்று.

சிவபுராணத்தின் முடிவில் ‘சொல்லிய பாட்டின் பொருளுணர்ந்து சொல்லுவார்’ என்று ஒரு நிபந்தனை இருக்கிறது. தில்லைக் கதையிலோ, பொருள் கேட்டவர்களுக்கு மாணிக்கவாசகர் கூத்தனைச் சுட்டி ‘இவரே பொருள்’ என்று சொல்லி மறைகிறார். பின்னதை வைத்துக்கொண்டு ஆய்வே வேண்டாம் என்று வாதிடுகிறவர்கள் முன்னதை மறந்துவிடுகிறார்கள். அந்த வரி பாட்டிலேயே இருக்கிறது. கதை பிறகு வந்தது.

இந்தக் கட்டுரையை எழுதியபின் பெரியம்மாவிடம் நரிப் பகுதியைப் படித்துக் காட்டினேன். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். இரண்டு வரிகளையும் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார், அப்பர் வரியையும் சேர்த்து. “தம்பி, கதையிலதான் அதுங்க ராத்திரி திரும்ப நரியாவுது. இந்தப் பாட்டு எதுலயும் ஆவலியே. குதிரை குதிரையாவே நிக்குது பாரு” என்றார். இரண்டு ஆண்டாக இந்த வரிகளோடு இருக்கிறேன், எனக்கு அது கண்ணில் படவில்லை.