விளக்கைத் திருப்பி அனுப்புகிறேன், கோபப்படாதீர்கள் அண்ணா

வணக்கம் அண்ணா. நேற்று உங்கள் பையன் ஆபீசுக்கு வந்து தீபாவளிப் பையைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். நான் பேக்கிங் செக்‌ஷனில் இருந்துவிட்டேன், இல்லையென்றால் அவரிடமே நேரில் சொல்லியிருப்பேன்.

ஸ்வீட் பாக்ஸை சாயங்கால டீயோடு பேக்கிங்கில் எல்லோருக்கும் பிரித்துக் கொடுத்தாச்சு, மைசூர்பாகில் எனக்கே ஒரு துண்டுதான் கிடைத்தது. ஆனால் பையின் அடியில் இருந்த வெள்ளிக் குத்துவிளக்கையும், கொடைக்கானல் ரிசார்ட்டில் குடும்பத்தோடு இரண்டு நாள் தங்கும் கூப்பனையும் என்னால் வைத்துக்கொள்ள முடியாது. கம்பெனி விதி அப்படி. சப்ளையரிடம் ஸ்வீட், காலண்டர், டைரி என்று ஆயிரம் ரூபாய்க்குள் வாங்கலாம், அதையும் ஹெச்.ஆர். பதிவேட்டில் எழுதிவிட வேண்டும். வெள்ளி, தங்கம், பணம், கிஃப்ட் கார்டு, டூர் எதுவும் கூடாது, வீட்டுக்கு அனுப்பினாலும் கூடாது. எம்.டி.யிலிருந்து ஸ்டோர் கீப்பர் வரை எல்லோருக்கும் இதேதான், பையர் தரப்பில் ஆடிட்டுக்கு வருகிறவர்களும் அந்தப் பதிவேட்டைக் கேட்டுப் பார்க்கிறார்கள்.

"நமக்குள்ள என்ன தம்பி" என்பீர்கள், தெரியும். அடுத்த மாதம் ஐந்து பிளை அட்டைப்பெட்டிக்குப் புது ரேட் கேட்டு உங்களோடு சேர்த்து மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கப் போகிறோம். உங்கள் ரேட்டே குறைவாக இருந்து ஆர்டர் உங்களுக்கே வந்தாலும், விளக்கு கொடுத்து வாங்கினார் என்று யாராவது ஒருத்தர் பேசினால் போதும், போன மழையில் ராத்திரியோடு ராத்திரியாகப் பெட்டி ஏற்றி அனுப்பி எங்கள் கன்டெய்னரைக் காப்பாற்றின உங்களுக்கு அந்தப் பேச்சு தேவையா? எனக்கும் தேவையில்லை.

நாளைக் காலை எங்கள் டிரைவர் விளக்கையும் கூப்பனையும் உங்கள் யூனிட்டில் கொண்டுவந்து கொடுப்பார், பெற்றுக்கொண்டதாக ஒரு கையெழுத்து மட்டும் போட்டு அனுப்பிவிடுங்கள். கூப்பன் வீணாக வேண்டாம், அண்ணியைக் கூட்டிக்கொண்டு நீங்கள் போய்விட்டு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமையும் மிஷின் பக்கத்திலேயே நிற்கிற ஆள் நீங்கள்.

அப்புறம், உங்கள் செப்டம்பர் பில் இரண்டும் அக்கவுண்ட்ஸில் பாஸ் ஆகிவிட்டன. 45 நாள் கெடு முடிய இன்னும் நாள் இருக்கிறது, இருந்தாலும் பண்டிகைக்கு முன்னால் போட்டுவிடச் சொல்லியிருக்கிறேன், ஆட்களுக்கு நீங்கள் போனஸ் கொடுக்க வேண்டுமே. இதில் எனக்கு நன்றியெல்லாம் வேண்டாம், உங்கள் பணம்தான்.

புதன்கிழமை பர்ஸ்டிங் டெஸ்ட் பார்க்க உங்கள் யூனிட்டுக்கு வருகிறேன். வண்டி எங்களுடையது, மதியச் சாப்பாட்டையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், ஹோட்டலில் எதுவும் சொல்லி வைக்காதீர்கள். அண்ணி கையால் ஒரு காபி மட்டும் கண்டிப்பாக வேண்டும், அதற்குப் பதிவேட்டில் இடமே கிடையாது.

வீட்டில் எல்லோருக்கும் தீபாவளி வாழ்த்துகள் அண்ணா.

பர்ச்சேஸ் தம்பி