தீர்ப்புச் சுருக்கம்: வெளிநாட்டு மென்பொருளுக்குத் தரும் பணம் ராயல்டியா?

எஞ்சினியரிங் அனலிசிஸ் சென்டர் ஆஃப் எக்சலன்ஸ் எதிர் வருமான வரி ஆணையர். உச்ச நீதிமன்றம், 2.3.2021. நீதிபதிகள் ஆர்.எஃப். நாரிமன், ஹேமந்த் குப்தா, பி.ஆர். கவாய். கணக்குப் பிரிவினருக்காக எழுதியது. பிரிவு எண்கள் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தவை.

வழக்கின் விவரம்

அந்த நிறுவனம் அமெரிக்காவிலிருந்து மென்பொருளை நேரடியாக வாங்கித் தன் பயன்பாட்டுக்கே வைத்துக்கொண்டது. பணம் அனுப்பும்போது 195ஆம் பிரிவின்படி வரி பிடித்திருக்க வேண்டும் என்றார் வருமான வரி அதிகாரி. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் நிறுவனத்தின் பக்கம் நின்றது; கர்நாடக உயர் நீதிமன்றம் 2011இல் அதை மாற்றியது. டெல்லி உயர் நீதிமன்றமோ இதேபோன்ற வழக்குகளில் நேர்மாறாகச் சொல்லியிருந்தது. இந்தியாவில் விற்கும் விநியோகஸ்தர்கள் தொடர்பான வழக்குகளும் இதனுடன் சேர்த்து விசாரிக்கப்பட்டன.

கேள்வி

மென்பொருளின் நகலைப் பயன்படுத்தவோ மறுவிற்பனை செய்யவோ தரும் பணம், பதிப்புரிமைக்காகத் தரும் ராயல்டி ஆகுமா?

தீர்ப்பு

ஆகாது. பதிப்புரிமை வேறு, அந்த உரிமை அடங்கிய பொருளின் நகல் வேறு. பிரதி எடுத்து விற்கவும் மாற்றி அமைக்கவும் பதிப்புரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு உரிமையாளருக்குத் தரும் அதிகாரங்களில் எதுவும் வாங்கியவருக்குக் கைமாறவில்லை. அவருக்குக் கிடைத்தது நிபந்தனைக்கு உட்பட்ட பயன்பாட்டு அனுமதி மட்டுமே.

2012ஆம் ஆண்டு நிதிச் சட்டம் ராயல்டியின் பொருளை 1976 முதல் முன்தேதியிட்டு விரித்ததையும் வருமான வரித்துறை காட்டியது. இதற்கு நீதிமன்றம் தந்த பதில்தான் தீர்ப்பின் உயிர் என்பேன்: பணம் அனுப்பிய நாளில் இல்லாத சட்டத்துக்கு யாரும் கட்டுப்பட்டிருக்க முடியாது, செய்ய முடியாததைச் சட்டம் கேட்காது. மேலும், இரட்டை வரிவிதிப்புத் தவிர்ப்பு ஒப்பந்தம் வரி செலுத்துபவருக்குச் சாதகமாக இருந்தால், 90(2)ஆம் பிரிவின்படி அதுவே செல்லும்.

நமக்கு என்ன மாறுகிறது

ஒப்பந்தம் உள்ள நாட்டின் நிறுவனத்துக்கு, வெறும் பயன்பாட்டு உரிமத்துக்காகப் பணம் அனுப்பினால் ராயல்டி என்ற பெயரில் வரி பிடிக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த நிறுவனத்துக்கு இந்தியாவில் நிரந்தரத் தொழிலிடம் இருந்தால், வணிக லாபமாக வரி வரலாம். எனவே, தொழிலிடம் இல்லை என்ற எழுத்துபூர்வ உறுதியையும் வரி வசிப்பிடச் சான்றிதழையும் பணம் அனுப்பும் முன்பே வாங்கிவிடுங்கள்.

உரிம ஒப்பந்தத்தை முழுமையாகப் படியுங்கள். மூல நிரலை மாற்றவோ நகலெடுத்து விற்கவோ அனுமதி இருந்தால் இந்தத் தீர்ப்பு துணைக்கு வராது. விலைப்பட்டியலில் 'உரிமக் கட்டணம்' என்று போட்டிருப்பதை வைத்து எந்தப் பக்கமும் முடிவெடுக்காதீர்கள்.

ஒப்பந்தம் இல்லாத நாடு என்றால் 2012இன் விரிந்த பொருளே பொருந்தும். அங்கே வரி பிடித்தே ஆக வேண்டும். 2023 ஏப்ரல் முதல் ராயல்டிக்கான விகிதம் 10 சதவீதத்திலிருந்து 20 ஆக உயர்ந்திருப்பதால், தவறினால் சுமையும் இரட்டிப்பாகும்.

இணையவழிச் சந்தா சேவைகளுக்கு இந்தத் தீர்ப்பை அப்படியே நீட்ட வேண்டாம். அவற்றின் ஒப்பந்தங்களைத் தனியே என்னிடம் அனுப்புங்கள்.