புது ரூம்மேட் தம்பிக்கு, நம்ம வீட்டு ஓவன் பற்றி

தம்பி,

இந்த வாரம் முழுக்க எனக்கு இரவு ஷிப்ட். நீங்க வேலை முடிஞ்சு வர்ற நேரத்துல நான் கிளம்பியிருப்பேன். ஓவன்ல காயும் சிக்கனும் ரோஸ்ட் பண்ணக் கத்துக்கணும்னு கேட்டீங்கல்ல, அதான் உட்கார்ந்து விவரமாவே எழுதிட்டேன். கொஞ்சம் நீளம்தான். ஒரு தடவை முழுசா படிச்சிட்டு அப்புறம் ஓவனைத் தொடுங்க.

முதல்ல வீட்டு வழக்கம். நடு ரூம் ஐயா சுத்த சைவம், முட்டைகூட சேர்க்க மாட்டார். பின் ரூம்ல பாய் இருக்கார். மூணு பேரும் சண்டை இல்லாம ஒரே ஓவனைப் பயன்படுத்தறோம்னா, ரெண்டு விஷயத்துல யாரும் தளர்த்திக்கிறதில்ல. பன்றி இறைச்சி ஓவனுக்குள்ள போகக்கூடாது, கோழியும் ஹலால் கோழிதான். டெக்கா மார்க்கெட்லயும் நம்ம புளோக் பக்கத்து ஈரச் சந்தையிலயும் ஹலால் கடை இருக்கு. சூப்பர்மார்க்கெட்ல வாங்கினா பாக்கெட் மேல ஹலால் முத்திரை பார்த்து எடுங்க. ரெண்டாவது, கைப்பிடியில பச்சை டேப் சுத்தின தட்டும் இடுக்கியும் காய்க்கு மட்டும். கறுப்புத் தட்டும் கம்பி ரேக்கும் கோழிக்கு. ரெண்டையும் ஒரே நேரத்துல உள்ள வைக்க வேண்டாம். காயை முதல்ல முடிச்சு ஐயா பங்கை எடுத்து மூடி வெச்சிட்டு, அந்தச் சூட்டுலயே கோழியை வைங்க. ஒரு தடவை சூடு ஏத்தினதுல ரெண்டு வேலையும் முடிஞ்சிடும், கரண்ட் பில்லும் எல்லார் பங்குதானே.

இனி ஓவன். மூணு திருகு இருக்கு. மேல இருக்கறது சூடு, நடுவுல இருக்கறது எந்தக் கம்பி எரியணும்ங்கறது, கீழ டைமர். நடுத் திருகுல மேலயும் கீழயும் கோடு, நடுவுல விசிறி படம் இருக்கற இடத்துல நிறுத்துங்க. டைமரைத் திருப்பினாத்தான் ஓவனே வேலை செய்யும். பத்து நிமிஷம் மாதிரி குறைஞ்ச நேரம் வேணும்னா 20 தாண்டித் திருப்பிட்டு அப்புறம் பின்னுக்குக் கொண்டு வாங்க, அப்பத்தான் மணி சரியா அடிக்கும்.

வெறும் ஓவனை 200 டிகிரியில பதினஞ்சு நிமிஷம் சூடாக விடணும். ஆரஞ்சு விளக்கு அணைஞ்சா சூடு ஏறிடுச்சுன்னு அர்த்தம். சூடாகாத ஓவன்ல காயை வெச்சா, சூடு ஏறி முடியறதுக்குள்ள காய் தண்ணி விட்டுத் துவண்டு போயிடும். இன்னொன்னு: பின்பக்க இடது மூலையில சூடு அதிகம். பாதி நேரத்துல தட்டை முன்பின்னா திருப்பி வைங்க. புத்தகத்துலயோ வீடியோவுலயோ விசிறி இல்லாத ஓவனுக்கு 220 டிகிரின்னு சொன்னா, நீங்க 200 வைங்க.

ஓவன் பிளக்கைச் சுவர் சாக்கெட்ல நேராத்தான் சொருகணும். எக்ஸ்டென்ஷன் வயர்ல ரைஸ் குக்கர், கெட்டிலோட சேர்த்துப் போடவே கூடாது. மூணுமே கரண்டை அதிகம் இழுக்கிற சாமான், வயர் சூடாகி உருகிடும்.

ரோஸ்ட்டுன்னா என்ன நடக்குதுன்னு ஒரு தடவை மனசுல பதிஞ்சிட்டா மத்ததெல்லாம் தானா வரும். தண்ணி 100 டிகிரிக்கு மேல போகாது. காய் மேலயோ கோழித் தோல் மேலயோ ஈரம் இருக்கற வரைக்கும் அந்த இடம் வேகுமே தவிரச் சிவக்காது. ஈரம் போய் மேல்பரப்புச் சூடு 140 தாண்டும்போதுதான் நிறமும் அந்த வாசனையும் வருது. நீங்க செய்யற ஒவ்வொரு வேலையும் ஈரத்தைப் போக்கறதுக்குத்தான்: துடைக்கிறது, இடம் விட்டுப் பரத்தறது, ஓவனை முன்கூட்டியே சூடாக்கறது, எல்லாமே.

காய்க்கு வருவோம். கழுவி வடிகட்டி, சமையல் துணியில நல்லாத் துடைச்சிடுங்க. உருளைக்கிழங்கு, கேரட், சர்க்கரைவள்ளி, பூசணி எல்லாம் ஒரே அளவா, ஒரு அங்குலத் துண்டா நறுக்குங்க. சின்னதும் பெரிசுமா இருந்தா சின்னது கருகும், பெரிசு வேகாது. அரைக் கிலோ காய்க்கு ஒன்றரை மேசைக்கரண்டி எண்ணெய், முக்கால் தேக்கரண்டி உப்பு, மிளகுத்தூள். எண்ணெயைத் தட்டுல ஊத்தாதீங்க, பாத்திரத்துல போட்டுக் கையாலயே பிசறுங்க, எல்லாப் பக்கமும் படியணும். சன்ஃபிளவர் எண்ணெய் இதுக்குப் போதும். செக்குத் தேங்காய் எண்ணெய் இந்தச் சூட்டுல புகையும். நல்லெண்ணெய் வாசனை வேணும்னா இறக்கினப்புறம் ஒரு கரண்டி விட்டுக் கிளறுங்க.

தட்டுல ஒரே அடுக்கா, துண்டுக்குத் துண்டு இடைவெளி விட்டுப் பரத்துங்க. எம்ஆர்டியில காலை நேரக் கூட்டம் மாதிரி நெருக்கிப் போட்டா, ஒண்ணோட ஆவியிலயே இன்னொண்ணு வெந்து குழைஞ்சிடும். அதிகமா இருந்தா ரெண்டு தடவையாப் பண்ணுங்க.

நேரம் காய்க்குக் காய் மாறும். உருளைக்கிழங்குக்கு 35லேருந்து 40 நிமிஷம். கேரட் அரை மணி. காலிஃப்ளவரும் பூசணியும் 25. குடைமிளகாயும் பெரிய வெங்காயமும் 20 போதும். அதனால கிழங்கை முதல்ல வெச்சிட்டு, மத்ததை அதது வேகற நேரம் பாக்கி இருக்கும்போது அதே தட்டுல சேர்த்துக்கலாம். வெண்டைக்காயைத் தனியாச் செய்யணும். முழுசாத் துடைச்சு, நீளவாக்குல ரெண்டாப் பிளந்து, 15 நிமிஷம். வழவழப்பே இருக்காது, ஐயா ரசம் சாதத்தோட ரொம்ப விரும்பிச் சாப்பிடுவார். கத்தரிக்காய் எண்ணெய் குடிக்கும், அதுக்கு மட்டும் அரைக் கரண்டி கூட விடலாம்.

மிளகாய்த்தூள், சாம்பார் பொடி, நசுக்கின பூண்டு, கறிவேப்பிலை இதெல்லாம் ஆரம்பத்துலயே போட்டா கருகிக் கசக்கும். கடைசி அஞ்சு நிமிஷம் இருக்கும்போது தட்டை வெளிய எடுத்து, தூவிக் கிளறி, திரும்ப உள்ள வைங்க. பாதி நேரத்துல ஒரே ஒரு தடவை புரட்டினாப் போதும். அடிக்கடி கதவைத் திறந்து பார்த்தா சூடு இறங்கி நேரம்தான் இழுக்கும்.

கோழிதான் கவனமாப் பண்ண வேண்டியது. முதல் தடவை முழுக் கோழி வேண்டாம், தொடையும் காலும் சேர்ந்த துண்டு நாலு வாங்குங்க, ஒரு கிலோ வரும். நெஞ்சுக்கறி கொஞ்சம் அசந்தாலும் வறண்டு போயிடும், தொடை அஞ்சு நிமிஷம் கூடிப் போனாலும் பொறுத்துக்கும். நம்ம ஆளுங்கன்னா கடைக்காரர் கேக்காமலே தோலை உரிச்சிடுவார். "தோலோட வேணும்"னு முதல்லயே சொல்லிடுங்க. உறைஞ்ச கோழின்னா முந்தின நாள் ராத்திரியே ஃபிரிட்ஜ் கீழ்த்தட்டுல இறக்கி வைங்க. இந்த ஊர்ச் சூட்டுல வெளிய வெச்சு உருக விடாதீங்க.

சிங்க்ல கழுவவும் வேண்டாம். ஊர்ல எல்லாரும் கழுவித்தான் பழகியிருக்கோம், ஆனா தெறிக்கிற தண்ணியில கிருமி சுத்தியிருக்கற பாத்திரம், பச்சைக் காய் மேலல்லாம் போய் விழும். ஓவன் சூடு அதைக் கொன்னுடும், கழுவறது கொல்லாது. டிஷ்யூவால ஒத்தித் துடைச்சா ஈரமும் போச்சு. அந்த டிஷ்யூவை உடனே பையில கட்டிக் குப்பையில போட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்க. கோழிக்குச் சிவப்புப் பலகை.

ஒரு கிலோவுக்கு ரெண்டு தேக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி மிளகு, அரைத் தேக்கரண்டி மஞ்சள், ஒரு தேக்கரண்டி காஷ்மீரி மிளகாய்த்தூள், ரெண்டு தேக்கரண்டி எண்ணெய். தோலைக் கிழிக்காம விரலை உள்ள விட்டு, தோலுக்கு அடியிலயும் தடவுங்க. நேரம் இருந்தா முந்தின ராத்திரியே வெறும் உப்பைத் தடவி, கீழ்த்தட்டுல மூடாம வைங்க. உப்பு உள்ள இறங்கும், தோலும் காய்ஞ்சு நல்லா மொறுமொறுன்னு வரும். ஃபிரிட்ஜ்ல ஐயாவோட பால், தயிரெல்லாம் மேல்தட்டுல இருக்கும். கோழி எப்பவும் அதுக்குக் கீழதான் இருக்கணும், பக்கத்துலகூட வேண்டாம்.

தோல் இல்லாத கோழிதான் கிடைச்சுதுன்னா வழி வேற. அப்போ கெட்டித் தயிர், இஞ்சி பூண்டு விழுது, மசாலா எல்லாம் கலந்து ரெண்டு மணி நேரம் ஊற வைங்க. தயிர் மேல ஒரு போர்வையா நின்னு கறி காயாமப் பார்த்துக்கும். தோல் உள்ள கோழிக்குத் தயிர் போட்டா ஈரம் தேங்கி மொறுமொறுப்பு வராது. தேன், சர்க்கரை, சாஸ் எதுவானாலும் கடைசி பத்து நிமிஷத்துல தடவுங்க.

கறுப்புத் தட்டுல அலுமினியத் தாள் விரிச்சு, அதுக்கு மேல ரேக் வெச்சு, தோல் மேல பார்க்கிற மாதிரி அடுக்குங்க. கொழுப்பு கீழ சொட்டும், கோழி அதுல ஊறாது. ஓவன் அடியில மட்டும் தாள் விரிக்காதீங்க, கீழ்க்கம்பிச் சூடு அடைபட்டு ஓவன் கெட்டுடும். 200 டிகிரியில 40 நிமிஷம்.

வெந்துடுச்சான்னு நிறத்தை வெச்சு முடிவு பண்ண வேண்டாம். இரண்டாவது டிராயர்ல குத்திப் பார்க்கிற தெர்மாமீட்டர் இருக்கு. தொடையில கனமான இடத்துல, எலும்புல படாம குத்துங்க. 75 டிகிரி தாண்டியிருந்தா சாப்பிடலாம். தொடைக்கு நான் 82 வரைக்கும் விடுவேன், அப்பத்தான் எலும்புலேருந்து கறி இளகி வரும். நெஞ்சுக்கறின்னா 75ல உடனே எடுத்துடுங்க. எடுத்ததும் வெட்டாம பத்து நிமிஷம் விடுங்க, சாறு பலகையில ஓடிப் போகாம கறிக்குள்ளயே நிக்கும்.

கோழி வைக்கறதுக்கு முன்னாடி சமையலறை ஜன்னல் பக்கம் காயற துணியை எடுத்துடுங்க, இல்லாட்டி எல்லார் சட்டையிலயும் மசாலா வாசனை ஏறிடும். ஜன்னலைத் திறந்து வைங்க, ஹால் பக்கக் கதவைச் சாத்துங்க, புகை போனா ஹால் அலாரம் கத்தும். ஓவனுக்குள்ளயே தீ தெரிஞ்சா கதவைத் திறக்காதீங்க, தண்ணி ஊத்தாதீங்க. சுவர் சுவிட்சை அணைச்சுட்டுத் தள்ளி நில்லுங்க, தானா அடங்கும். அடங்கலைன்னா எல்லாரையும் கூட்டிக்கிட்டு வெளிய வந்து தீயணைப்புக்கு 995 அடிங்க.

தட்டுல சேர்ந்த கொழுப்பைச் சிங்க்ல ஊத்தினா குழாய் அடைச்சுக்கும். ஆற விட்டு, தாளோட சுருட்டிப் பையில கட்டிப் போடுங்க. ஓவன் கொஞ்சம் வெதுவெதுப்பா இருக்கும்போதே உள்பக்கத்தை ஈரத்துணியால துடைச்சிட்டா ரெண்டு நிமிஷ வேலை. விட்டா எறும்பும் கரப்பானும் வந்துடும். மிச்சச் சாப்பாட்டை ரெண்டு மணி நேரத்துக்குள்ள டப்பாவுல போட்டு ஃபிரிட்ஜ்ல வைங்க.

பாய் வெள்ளிக்கிழமை மதியம் ஓவன் பயன்படுத்துவார், அன்னிக்கு அவருக்கு விட்டுடுங்க. சனிக்கிழமை நான் வீட்ல இருக்கேன். தனியா ஆரம்பிக்கத் தயக்கமா இருந்தா அன்னிக்குச் சேர்ந்து செய்வோம், காலையில டெக்கா போனா எலுமிச்சம்பழம் நாலு வாங்கிட்டு வந்துடுங்க.

அண்ணன், முன் ரூம்