1992 கல்யாண கேசட்: குறும்படத்தின் ஏழாம் காட்சிக்கான பிராம்ப்ட்

மதுரையில் ஒரு கல்யாண மண்டபத்தில் 1992 தை மாதம் எடுத்த வி.எச்.எஸ். கேசட்டை, இன்று ஒரு பழைய டெக்கில் போட்டுப் பார்த்தால் எப்படி இருக்குமோ அப்படி 10 வினாடி வீடியோ ஒன்றை உருவாக்கு. திரை 4:3. இந்தியாவில் அன்று இருந்த PAL டிவி முறை: 625 வரி, வினாடிக்கு 25 பிரேம், ஒவ்வொரு பிரேமும் ஒற்றைப்படை வரி, இரட்டைப்படை வரி என்று இரண்டு பாதியாக வரும். கை வேகமாக வீசினால் அதன் விளிம்பு சீப்புப் பல் போலப் பிரிந்து தெரிய வேண்டும்.

எதற்கு இந்தக் காட்சி என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கே எவ்வளவு கெடுக்கலாம் என்பது அதைப் பொறுத்தது. எங்கள் குறும்படத்தில் மீனா என்ற பெண் தன் அப்பா அம்மாவின் கல்யாணக் கேசட்டைப் போட்டுப் பார்க்கிறாள். அவள் தேடுவது தாலி கட்டுவதை அல்ல. அந்த நேரத்தில் ஓரமாக நின்று அட்சதை தூவும் அப்பத்தாவை. அப்பத்தா போய்ப் பல வருஷம் ஆகிறது. அவர் நடமாடும் உருவமாக இருப்பது இந்தக் கேசட்டில் மட்டும்தான், அதுவும் இரண்டரை வினாடி. படம் எவ்வளவு பழுதானாலும் அது ஒரு பாட்டியின் முகம், அவர் அழுகையும் சிரிப்புமாக இருக்கிறார் என்பது தெரிந்தே ஆக வேண்டும்.

காட்சியில் நடப்பது. அதிகாலை முகூர்த்தம், வெளியே இன்னும் முழுசாக விடியவில்லை. மணமேடையில் அரக்குச் சிவப்புப் பட்டுப் புடவையில் பெண், வெள்ளை வேட்டி சட்டையில் மாப்பிள்ளை, முன்னால் ஓமத் தீ. முதல் மூன்று வினாடி: மாப்பிள்ளை குனிந்து தாலி கட்டுகிறார், நாலா பக்கமும் இருந்து அட்சதை விழுகிறது. மூன்றாம் வினாடியில் கேமரா திடீரென வலது பக்கம் திரும்புகிறது. வீடியோக்காரர் யாரோ கூப்பிட்டுத் திரும்பியது போல, கொஞ்சம் தடுமாறி. நான்காம் வினாடியில் அப்பத்தா சட்டகத்துக்குள் வருகிறார். எழுபது வயது, ஒல்லியான உடம்பு, காதில் தண்டட்டி, மங்கிய நீலச் சுங்குடிச் சேலை. அட்சதையைத் தூவிவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைக்கிறார். ஆறரை வினாடியில் ஒரு ஆள் குறுக்கே நடந்து மறைக்கிறார், கேமரா மணமேடைக்குத் திரும்பிவிடுகிறது.

கேமரா தோளில் வைத்து எடுக்கும் பெரிய வகை. மூச்சுக்குத் தகுந்த மாதிரி லேசாக ஏறி இறங்கும். இன்றைய போன் வீடியோவின் நடுக்கம் வேறு, அது வேண்டாம். முக்கியமான வெளிச்சம், உதவியாளர் கையில் தூக்கிப் பிடித்திருக்கும் ஹாலஜன் வீடியோ லைட். அது கேமராவுக்குப் பக்கத்திலிருந்து நேராக அடிக்கிறது. முன்னால் இருப்பவர்களின் நெற்றியும் மூக்கும் வெளுத்துப் போக வேண்டும், பின்னால் நிற்கும் கூட்டம் இருட்டில் முங்க வேண்டும். மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டையில் மடிப்பே தெரியக் கூடாது, ஒரே வெள்ளைத் திட்டு. ஓமத் தீ கொழுந்து விடும்போது அதன் வழியாக மேலிருந்து கீழ் வரை மெல்லிய வெளிர் கோடு ஒன்று நிற்கட்டும். அது கேமராவில் ஒளியைப் பதியும் சில்லான சிசிடி செய்கிற வேலை. கேமரா அப்பத்தா பக்கம் திரும்பியதும் முதல் அரை வினாடி அவர் இருட்டாகத் தெரிவார், அப்புறம் ஐரிஸ் தானாகத் திறந்து முகம் தெளியும். அந்தத் தாமதம் மிக முக்கியம். அவர் இருட்டிலிருந்து வெளியே வருவது போல இருக்கும்.

இனி நிறம். எல்லாரும் சொதப்புகிற இடம் இதுதான், அதனால் நிதானமாகச் சொல்கிறேன். வி.எச்.எஸ். நாடாவில் வெளிச்ச விவரத்துக்குக் கிடைக்கும் கூர்மையே குறைவு, குறுக்கே சுமார் 240 கோடுதான் பிரித்துக் காட்டும். நிறத்துக்கு அதில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு கூடக் கிடைத்தால் அதிகம். நிறத்தை 627 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு இறக்கித்தான் நாடாவில் பதிவார்கள். அதனால் உருவத்தின் விளிம்பு ஓரளவு நின்ற இடத்தில் நிற்கும், நிறம் மட்டும் அதைத் தாண்டி ஒழுகும். புதுச் சிவப்புப் புடவையை வெள்ளை வேட்டியோடு ஊறவைத்தால் சாயம் இறங்குமே, அந்த மாதிரி. பெண்ணின் புடவைச் சிவப்பு அவள் தோளைக் கடந்து வலது பக்கமாக, 720 பிக்சல் அகலத்தில் 12 முதல் 16 பிக்சல் வரை கசிய வேண்டும். மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டை ஓரத்தில் அந்தச் சிவப்பு படிந்திருக்கும். இடது விளிம்பில் அதற்கு நேர்மாறு: புடவை தொடங்கிவிட்டது, சிவப்பு இன்னும் வந்து சேரவில்லை, ஒரு சாம்பல் பட்டை தெரியும். இது மூலக் கேசட் அல்ல, எடிட் செய்து நகல் எடுத்த கேசட். ஆகவே நிறம் முழுவதும் இரண்டு மூன்று வரி கீழேயும் இறங்கியிருக்கட்டும். குங்குமப் பொட்டு நெற்றியில் இருக்கும், அதன் சிவப்பு புருவ மத்திக்குச் சற்றுக் கீழே வழிந்திருக்கும்.

எல்லா நிறமும் ஒரே அளவு ஒழுகாது. சிவப்புதான் மிக மோசம். மஞ்சள் கயிறும் மாலையின் பச்சையும் அதைவிடக் குறைவு. தோல் நிறம் கொஞ்சம் ஆரஞ்சு பக்கம் சாயும், வாசல் வழியாக வரும் விடியல் வெளிச்சம் மட்டும் நீலமாக நிற்கும். அப்பத்தாவின் சுங்குடிச் சேலையில் புள்ளி புள்ளியாகத் தெரிய விடாதே. அந்தப் புள்ளிகளைப் பிரித்துக் காட்டும் சக்தி இந்த நாடாவுக்கு இல்லை. அவை கலங்கி, அவர் அசையும்போது துணி லேசாக மினுக்குவது போல மட்டும் தெரிய வேண்டும்.

இரைச்சலும் இரண்டு விதம், இரண்டையும் கலக்காதே. வெளிச்சத்தின் இரைச்சல் பொடி மணல் போல, ஆனால் குறுக்கே இழுபட்ட மணல். ஒவ்வொரு பாதி பிரேமுக்கும் புதிதாக மாறும். நிறத்தின் இரைச்சல் பெரிய பெரிய திட்டாக, மெதுவாக ஊர்ந்து, சிவப்புப் புடவைக்குள்ளும் இருட்டுக் கூட்டத்திலும் அதிகமாக இருக்கும். ஒரே இரைச்சல் திரும்பத் திரும்பச் சுற்றி வந்தால் கண் உடனே கண்டுபிடித்துவிடும். கறுப்பு முழுக் கறுப்பாக இருக்கக் கூடாது, பால் கலந்த கறுப்பு. கறுத்த முடியின் வலது ஓரத்தில் மெல்லிய வெள்ளை விளிம்பு.

எப்போதும் இருக்க வேண்டியவை: திரையின் அடியில் ஆறேழு வரி உயரத்துக்குக் கலைந்து ஒரு பக்கமாக இழுபடும் பட்டை. டெக்கில் நாடாவைப் படிக்கும் இரண்டு ஹெட்டும் முறை மாற்றிக்கொள்ளும் இடம் அது, ஒரு பிரேமில் கூட விட்டுப்போகக் கூடாது. மேல் ஓரம் மிக லேசாகச் சாய்ந்து வளையட்டும். தூண் மாதிரி நேரான நெட்டுக் கோடுகள் வரிக்கு வரி ஒரு பிக்சல் அளவுக்கு நடுங்கட்டும்.

இப்போது பழுது. அதை 10 வினாடிக்கும் பரவலாகத் தூவாதே. இந்த வீட்டில் வருஷக்கணக்காக இதே இடத்தைத்தான் நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறார்கள். நிறுத்தி வைத்தால் நாடா நிற்கும், ஹெட் சுற்றிக்கொண்டே அதே இடத்தைத் தேய்க்கும். ஆகவே தேய்மானம் எல்லாம் அப்பத்தா வரும் இடத்தில் குவிந்திருக்க வேண்டும். முதல் நாலு வினாடியில் அங்கங்கே ஒன்றிரண்டு சின்ன வெள்ளைக் கீற்று போதும். குறுக்கே, விரல் நக அளவு, ஒரு பிரேம் தெரிந்து மறையும். நாலரையிலிருந்து ஐந்தரை வினாடி வரை கீற்றுகள் கொத்தாக வரும், ஒரு சாம்பல் இரைச்சல் பட்டை அடியிலிருந்து மேலே ஏறும், அது கடக்கும் இடத்தில் நிறம் முற்றிலும் போய்க் கறுப்பு வெள்ளையாகி மறுபடி திரும்பும். அந்தப் பட்டை முகத்தைக் கடக்க எட்டு பிரேமுக்கு மேல் எடுக்க வேண்டாம். அதற்கு முன்னும் பின்னும் முகம் தெளிவாக இருக்கட்டும்.

சத்தம்: ஒற்றைத் தடம், அடி கனமும் மேல் கூர்மையும் இல்லாதது. நாதஸ்வரமும் தவிலும் கெட்டிமேளம் கொட்டும்போது உச்சத்தில் சிதறி அடைக்கும்; மேளம் ஓய்ந்ததும் கூட்டத்தின் பேச்சும் நாடாவின் 'ஸ்ஸ்' என்ற இரைச்சலும் தானாக மேலே ஏறும், ஏனென்றால் கேமரா தானே ஒலியைக் கூட்டிக்கொள்கிறது. பின்னணியில் 50 ஹெர்ட்ஸ் முனகல். படம் பழுதாகும் அதே நொடியில் சத்தத்தைக் கெடுக்காதே. டெக்கில் படம் படிக்கும் உருளையைத் தாண்டித்தான் சத்தம் படிக்கும் ஹெட் இருக்கிறது. நாடாவின் அதே தேய்ந்த இடம் அங்கே போய்ச் சேர மூன்று வினாடிக்குச் சற்று மேல் ஆகும். ஆகவே சத்தம் எட்டாம் வினாடி வாக்கில், அப்பத்தா திரையை விட்டுப் போன பிறகு, அரை நொடி அமுங்கி எழட்டும்.

செய்யக் கூடாதவை: மேலிருந்து கீழாக ஓடும் கீறல், தூசி, முடித் துணுக்கு, ஓரத்தில் எரிந்த தழும்பு, பழுப்பு நிறப் பூச்சு, படச்சுருள் துளை. அவை புரொஜெக்டரில் செங்குத்தாக ஓடும் பிலிமில் வருபவை. இங்கே பழுது எல்லாம் குறுக்கே மட்டும். டிஜிட்டல் கட்டம் கட்டமாக உடைவதும், சிவப்பும் நீலமும் கண்ணாடி போலப் பிரிவதும் வேண்டாம். திரையில் தேதியோ எழுத்தோ எதுவும் வராமல் பார்த்துக்கொள். தேதியை எடிட்டிங்கில் நாங்கள் போட்டுக்கொள்கிறோம்.

இதோடு இன்னொரு துண்டும் வேண்டும், 6 வினாடி. மீனா ரிமோட்டில் நிறுத்துகிறாள். ஆறாம் வினாடியில் இருந்த அப்பத்தா, முந்தானை கன்னத்தில், கண் கேமராவைப் பார்க்கும் கணம். படம் உறைந்த புகைப்படம் மாதிரி நிற்கக் கூடாது: முழுச் சட்டகமும் ஒரு வரி மேலும் கீழுமாகத் துடித்தபடி, கூர்மை இன்னும் பாதியாகக் குறைந்து, கழுத்துக்குக் கீழே ஒரு இரைச்சல் பட்டை அசையாமல் நடுங்கிக்கொண்டிருக்க, மற்ற இரைச்சல் எல்லாம் உயிரோடு ஓடட்டும். சத்தம் முழுசாக நிற்கும். தண்டட்டியின் பளபளப்பு மட்டும் அந்தத் துடிப்பில் விட்டு விட்டு மின்னட்டும்.