செப்டம்பர் 22 அன்று தர வேண்டிய பாக்கி தாமதமானதற்கு மன்னிப்புக் கடிதம்

திருப்பூர்
17 நவம்பர் 2025

பெறுநர்: திரு. பார்க், உரிமையாளர், எம்பிராய்டரி மெஷின் உதிரிபாகத் தொழிற்சாலை, தேகு, தென் கொரியா

பொருள்: இன்வாய்ஸ் எண் 2507-031, பாக்கித் தொகை 12,880 டாலர்

மதிப்பிற்குரிய பார்க் சார் அவர்களுக்கு,

வணக்கம். நீங்களும் வீட்டில் எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சொல்ல வேண்டியதைக் குறையில்லாமல் சொல்ல வேண்டும் என்பதால் தமிழிலேயே எழுதுகிறேன். சென்னையில் உங்கள் ஏஜென்டாக இருக்கும் தம்பி இதைக் கொரிய மொழியில் எழுதி உங்களிடம் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

முதலில் பணத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பாக்கியில் 8,000 டாலரை 14 நவம்பர், வெள்ளிக்கிழமை அன்று வங்கி மூலம் அனுப்பிவிட்டேன். ஸ்விஃப்ட் நகல் இந்தக் கடிதத்துடன் இருக்கிறது. இரண்டு பக்க வங்கிக் கட்டணமும் என் கணக்கில்தான் என்று எழுதிக் கொடுத்திருப்பதால் உங்களுக்கு முழுத் தொகையும் வர வேண்டும். குறைவாக வந்தால் உடனே சொல்லுங்கள். மீதி 4,880 டாலரை டிசம்பர் 5ஆம் தேதிக்குள் அனுப்பிவிடுவேன்.

இந்தச் சரக்கு பூசானில் கப்பல் ஏறிய தேதி ஜூலை 24. அதிலிருந்து 60 நாள் என்பது நம் பேச்சு. அப்படிப் பார்த்தால் செப்டம்பர் 22ஆம் தேதியே பணம் உங்கள் கணக்கில் இருந்திருக்க வேண்டும். ஏறக்குறைய எட்டு வாரம் தாமதித்துவிட்டேன். இதற்காக உங்களிடம் மனப்பூர்வமாக மன்னிப்புக் கேட்கிறேன்.

தாமதம் எந்த நேரத்தில் வந்தது என்பதுதான் என்னை அதிகம் வருத்துகிறது. அடுத்த இரண்டு வாரத்தில் உங்களுக்கு சூசோக் பண்டிகை. இந்த வருடம் அக்டோபர் 3ஆம் தேதியிலிருந்து ஒரு வாரம் கொரியாவே விடுமுறையில் இருந்தது. பண்டிகைக்கு முன்பு தொழிலாளர்களுக்குச் சம்பளம், போனஸ், பரிசுப் பெட்டி எல்லாம் கொடுத்து ஊருக்கு அனுப்ப வேண்டிய பொறுப்பு ஒரு முதலாளிக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இங்கே அக்டோபர் 20 தீபாவளிக்கு திருப்பூரில் எல்லா முதலாளிகளும் அதே பாட்டைத்தான் பட்டோம். என் கடைப் பையன்களுக்கு போனஸ் கொடுத்த அன்று, உங்கள் தொழிற்சாலையில் இருப்பவர்களுக்குச் சேர வேண்டிய பணம் என்னிடம் நிற்கிறதே என்ற நினைப்பு எனக்கு வந்தது. அந்த நேரத்தில் நீங்கள் வங்கியில் கடன் வாங்கிச் சமாளித்திருக்கலாம். அப்படி வாங்கியிருந்தால் அந்தக் கடன் என்னால் வந்தது.

தாமதத்துக்குக் காரணம் சொல்கிறேன். உங்களுக்கு நிலவரம் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். என் பொறுப்பு இதனால் குறையாது. இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா ஆகஸ்ட் 7 முதல் 25 சதவீதம் கூடுதல் வரி போட்டது. ஆகஸ்ட் 27 முதல் அதை 50 சதவீதம் ஆக்கியது. திருப்பூர் பனியன் ஏற்றுமதியில் அமெரிக்கா பெரிய சந்தை. வெட்டித் தைத்துப் பெட்டியில் போட்ட சரக்கையே சில பையர்கள் நிறுத்தி வைக்கச் சொன்னார்கள். சிலர் பாதி வரியை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று தள்ளுபடி கேட்டார்கள். ஏற்றுமதிக் கம்பெனிக்குப் பணம் வராததால் அவர்களுக்கு ஜாப் ஒர்க் செய்யும் எம்பிராய்டரி யூனிட்டுகளுக்கும் வரவில்லை. என்னிடம் ரோட்டரி ஹூக், பாபின் கேஸ், நூல் வெட்டும் கத்தி எல்லாம் வாங்குகிறவர்கள் அந்த யூனிட்காரர்கள்தான். இரண்டு ஷிப்ட் ஓடிய மெஷின்கள் ஒரு ஷிப்டுக்கு வந்தன. சில இடத்தில் மூடுதுணி போட்டு நிறுத்திவிட்டார்கள். ஜூலையில் உங்கள் சரக்கை நம்பி நான் கொடுத்த கடன் அப்படியே வெளியில் நின்றுவிட்டது.

சிறு உற்பத்தியாளர்களுக்கு 45 நாளில் பணம் கொடுக்காவிட்டால் வாங்கியவருக்கு வருமான வரியில் பாதிப்பு வரும் என்று இங்கே ஒரு விதி இருக்கிறது. வாங்கி விற்கும் வியாபாரிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ரிசர்வ் வங்கி போன வாரம் ஏற்றுமதியாளர்களின் கடனுக்குத் தவணையைத் தள்ளிவைக்கலாம் என்று அறிவித்திருக்கிறது. அவர்கள் மூச்சு விட்டால் எங்களுக்கும் கொஞ்சம் பணம் நகரும் என்று எதிர்பார்க்கிறேன். ஆனால் உங்கள் பாக்கியை அந்த நம்பிக்கையின் மேல் நான் வைக்கவில்லை. அதற்கு என்ன ஏற்பாடு என்று கீழே சொல்கிறேன்.

சார், நான் யோசித்துப் பார்த்ததில் எனக்குப் புரிந்தது ஒன்று. என் வாடிக்கையாளர்கள் கஷ்டத்தில் இருந்தார்கள், நான் அவர்களை நெருக்கவில்லை. அது என் இஷ்டம். ஆனால் அந்த அவகாசத்தை என் பணத்தில் நான் கொடுக்கவில்லை, உங்கள் பணத்தில் கொடுத்தேன். அதுவும் உங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல். வரி விதித்தது அமெரிக்கா, ஆர்டரை இழந்தது திருப்பூர். தேகுவில் இருக்கும் நீங்கள் எந்தச் சம்பந்தமும் இல்லாமல் அந்தச் சுமையைத் தூக்கியிருக்கிறீர்கள். ஆகஸ்ட் கடைசியிலேயே நான் உங்களுக்கு எழுதியிருக்க வேண்டும். அப்போது பணம் வர நாள் பிடிக்கும் என்று தெரிந்திருந்தால் பண்டிகைச் செலவுக்கு நீங்கள் வேறு வழி பார்த்திருப்பீர்கள். உங்கள் கணக்குப் பிரிவிலிருந்து வந்த முதல் மெயிலுக்கு "அடுத்த வாரம்" என்று பதில் போட்டேன். அந்த வாரம் பணம் போகவில்லை. அதற்கு அடுத்த மெயிலுக்குப் பதிலே போடவில்லை. அந்தப் பெண்மணி ஒவ்வொரு முறையும் மரியாதையாகவே எழுதியிருந்தார். அவரிடமும் என் மன்னிப்பைத் தெரிவியுங்கள்.

நீங்கள் என்னிடம் எல்.சி. கேட்டதே இல்லை. 30 சதவீதம் முன்பணம், மீதி 60 நாளில் என்று வெறும் வாய்ப்பேச்சில் சரக்கு அனுப்பும் சப்ளையர் என்னைப் போன்ற சின்னக் கடைக்காரனுக்குச் சுலபத்தில் கிடைக்க மாட்டார். இந்தியா–கொரியா ஒப்பந்தத்தின்படி சுங்கச் சலுகை வாங்கத் தேவையான மூலச் சான்றிதழை ஒவ்வொரு முறையும் கப்பல் வருவதற்கு முன்பே அனுப்பிவிடுவீர்கள். அதில் ஒரு எழுத்து மாறியிருந்தாலும் இங்கே சுங்கத்தில் சரக்கு நின்றுவிடும், ஒருமுறைகூட அப்படி நின்றதில்லை. 2021இல் கன்டெய்னர் கிடைக்காமல் எல்லோரும் தவித்தபோது, அவசரத்துக்கு வேண்டிய ஹூக்குகளை மட்டும் விமானத்தில் அனுப்பி, சரக்குக் கட்டணத்தில் பாதியை நீங்களே ஏற்றீர்கள். அன்றைக்கு என் வாடிக்கையாளர்களின் மெஷின் நிற்காமல் ஓடியது உங்களால். இத்தனை வருடமும் உங்கள் பக்கம் சொன்ன தேதி தவறியதில்லை.

அப்புறம், இப்போது நான் செய்திருப்பதையும் செய்யப்போவதையும் எழுதுகிறேன்.

14ஆம் தேதி அனுப்பிய 8,000 டாலர், கையிருப்பில் இருந்த சரக்கில் ஒரு பகுதியை சூரத்திலும் கோவையிலும் இருக்கும் வியாபாரிகளுக்கு வாங்கிய விலைக்கே ரொக்கத்துக்குக் கொடுத்ததில் வந்தது. மீதி 4,880 டாலருக்கு வாடிக்கையாளர்கள் கொடுத்த இரண்டு காசோலைகள் இருக்கின்றன. ஒன்று நவம்பர் 24 தேதியிட்டது, இன்னொன்று டிசம்பர் 1 தேதியிட்டது. அவை திரும்பிவிட்டாலும் டிசம்பர் 5 தவறாது. அதற்காக என் வங்கியில் நகைக் கடனுக்குப் பேசி வைத்துவிட்டேன். இந்தச் சரக்கின் பில் ஆஃப் என்ட்ரியை வங்கியில் ஏற்கெனவே கொடுத்துவிட்டதால், காகிதம் குறைகிறது என்று அங்கே தாமதம் வராது.

ஜூலையில் டாலர் 86 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே இருந்தது, இப்போது 88ஐத் தாண்டிவிட்டது. அந்த வித்தியாசம் முழுக்க என்னுடையது. அதைக் காட்டி ஒரு டாலர்கூடக் குறைக்கக் கேட்க மாட்டேன்.

தாமதக் கட்டணம் பற்றி நாம் எப்போதும் பேசியதில்லை. ஆனாலும் இந்த எட்டு வாரத்தில் இந்தத் தொகைக்காக உங்கள் வங்கிக்கு நீங்கள் கட்டிய வட்டி எவ்வளவோ, அதற்கு ஒரு டெபிட் நோட் அனுப்பச் சொல்லுங்கள். அந்தக் காகிதம் இருந்தால்தான் எங்கள் வங்கி பணத்தை வெளியே அனுப்பும். தயவுசெய்து பரவாயில்லை என்று விட்டுவிடாதீர்கள்.

செப்டம்பரில் நான் சொல்லியிருந்த அடுத்த ஆர்டரை இப்போதைக்கு அனுப்ப வேண்டாம். எனக்காகத் தயாரித்து வைத்த பாபின் கேஸ்களுக்கு வேறு நாட்டில் ஆள் இருந்தால் தாராளமாகக் கொடுத்துவிடுங்கள், நான் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆள் இல்லையென்றால், இந்தப் பாக்கி தீர்ந்த பிறகு முழுப் பணத்தையும் முன்பாகவே அனுப்பி எடுத்துக்கொள்கிறேன். அதற்குப் பிறகு வரும் ஆர்டர்களுக்கும் 50 சதவீதம் முன்பணம், மீதியைக் கப்பல் ரசீதின் நகல் வந்ததும் தருகிறேன். பழையபடி 60 நாள் வேண்டும் என்று நானாகக் கேட்க மாட்டேன். நீங்களாக எப்போது சரி என்று நினைக்கிறீர்களோ அப்போது பேசலாம்.

என் கடையிலும் முறையை மாற்றியிருக்கிறேன். அமெரிக்க ஆர்டரை மட்டும் நம்பி ஓடும் யூனிட்டுகளுக்குப் புதிதாகக் கடன் கொடுப்பதை நிறுத்திவிட்டேன். உள்நாட்டுக்குக் குழந்தைகள் உடையும் பள்ளிச் சீருடையும் செய்கிறவர்களிடம் வேலை இன்னும் இருக்கிறது, அவர்கள் ரொக்கத்துக்கு வாங்குகிறார்கள். அளவு குறைவுதான், ஆனால் பணம் கைக்கு வருகிறது. உங்களுக்குத் தர வேண்டியதை எடுத்து வைத்த பிறகுதான் மற்ற செலவு என்று தனிக் கணக்கும் தொடங்கியிருக்கிறேன்.

எதிர்காலத்தில் எந்தக் காரணத்தாலாவது ஒரு தேதி தள்ளிப்போகும் என்று தெரிந்தால், அந்தத் தேதிக்கு முன்பே, எவ்வளவு நாள் என்பதோடு உங்களுக்கு எழுதுவேன். உங்கள் கணக்குப் பிரிவு என்னிடம் கேட்கும் நிலை வராது.

இதையெல்லாம் நேரில் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இப்போதைக்கு டிக்கெட்டுக்குச் செலவழிக்கும் பணமும் உங்களுக்குச் சேர வேண்டிய பணம்தான். போனில் பேச விரும்பினால் உங்களுக்கு வசதியான நேரத்தை ஏஜென்ட் தம்பியிடம் சொல்லுங்கள், எந்த நேரமானாலும் அவரையும் வைத்துக்கொண்டு பேசுகிறேன். என் மேல் உங்களுக்கு இருக்கும் கோபத்தையும் தயங்காமல் சொல்லலாம், அது நியாயமானது.

8,000 டாலர் உங்கள் கணக்கில் ஏறியதும் ஒரு வரி மெயில் போடச் சொன்னால் நிம்மதியாக இருக்கும். புதன்கிழமைக்குள் வரவில்லையென்றால் இங்கே வங்கியில் நானே போய் விசாரிக்கிறேன்.

மீண்டும் ஒருமுறை உங்களிடமும் உங்கள் தொழிற்சாலையில் உள்ள அனைவரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மரியாதையுடன்,

செ. முத்துக்குமார்
எம்பிராய்டரி மெஷின் உதிரிபாக வியாபாரம்
திருப்பூர்

இணைப்பு: 14.11.2025 ஸ்விஃப்ட் நகல், இன்வாய்ஸ் 2507-031இன் கணக்கு விவரம் (மொத்தம் 18,400 டாலர், முன்பணம் 5,520, நவம்பர் 14 அன்று 8,000, மீதி 4,880)