பாபின் இல்லாத ராத்திரி

செல்போன் டார்ச்சை அணைங்கடா, சார்ஜ் போயிரும். மெழுகுவத்தி போதும். தட்டுல ரெண்டு சொட்டு மெழுகை விட்டு, அது மேல நிறுத்து. சும்மா வச்சா சாயும். ஜன்னல் பக்கம் வேணாம், காத்து அடிக்குது. ம்ம், இப்ப உக்காருங்க.

ஒரு ஊர்ல ஒரு தையக்காரர் இருந்தாரு. காலால மிதிக்கிற மிஷின். ஒரு நாள் மத்தியானம் சாஞ்சு படுத்தவரு எழுந்திரிக்கல. மிஷின் மேல ஒரு பையனோட பள்ளிக்கூடச் சட்டை பாதியில கெடந்துச்சு. முன்பக்கம், பின்பக்கம், காலரெல்லாம் சேர்ந்தாச்சு. ரெண்டு கையும், அஞ்சு பித்தானும்தான் பாக்கி.

"யாரு சட்டை அப்பத்தா?"

அதான் யாருக்கும் தெரியல. அளவு நோட்டுல மார்பு, நீளம், தோள் எல்லாம் எழுதியிருக்கு, பேர் எழுதல. கேட்டும் யாரும் வரல. பொண்டாட்டி மிஷினுக்கு உறையைப் போட்டு மூடி வச்சிட்டா.

பதினாறாம் நாள் காரியம் முடிஞ்ச ராத்திரி, டக்கு டக்கு டக்குனு சத்தம். எலின்னு நெனச்சா. எலி ஓடுனா நின்னு நின்னு கேக்கும். இது ஒரே சீரா கேட்டுச்சு. விடிஞ்சு பாத்தா சட்டையில இடது கை ஏறியிருக்கு.

"ஐயோ!"

கத்தாத, தம்பி தூங்குறான். அவ பயந்து ஓடல. மிஷினுக்குப் பெரிய சக்கரத்துலருந்து மேல் சக்கரத்துக்கு ஒரு தோல் பெல்ட் போகும்ல, அதைக் கழட்டித் தலகாணிக்கு அடியில வச்சுக்கிட்டா. அன்னிக்கும் சத்தம் வந்துச்சு, ஆனா வெறும் மிதி சத்தம். பெல்ட் இல்லாட்டி கீழ்ச் சக்கரம் மட்டும் சுத்தும், ஊசி எறங்காது. பேயா இருந்தாலும் பெல்ட் வேணும் போல.

மறுநாள் பெல்ட்டை மாட்டிட்டு பாபினை எடுத்துட்டா. அடிநூல் இல்லாம தையல் பூட்டாது, மேல்நூல் இழுத்தா உருவிக்கிட்டு வந்துரும். காலையில பாத்தா வலது கையைச் சுத்தி ஊசி குத்துன ஓட்டை மட்டும் வரிசையா இருக்கு. சட்டை ஓரமா ஒரு ஈரத்திட்டு.

"அழுதுச்சா?"

இருக்கலாம். கூரையும் ஒழுகும் அந்த வீட்ல.

அவளுக்கு மனசு கேக்கல. பாபின்ல நூலை நெருக்கமாச் சுத்தி உள்ள போட்டா. லூசா சுத்துனா அடியில முடிச்சு விழும்ல. எண்ணெய்க் குழியில ஒரு சொட்டு விட்டா. கூடவே ஒரு வேலை செஞ்சா. மிதிபலகை இரும்பு, ஓட்டை ஓட்டையா இருக்கும், பொடி நிக்காது. அதனால மேல பேப்பரை விரிச்சுக் கட்டி, துணியில கோடு போடுற சாக்கட்டியை நுணுக்கித் தூவிட்டா.

காலையில வலது கையும் ஏறியாச்சு. பேப்பர்ல காலடி இருந்துச்சு. குதிகால் இல்ல, விரல் மட்டும். பொடிப்பொடி விரல்.

"அப்போ சின்னப் பிள்ளை! கால் எட்டாது, நுனிக்கால்ல மிதிச்சிருக்கு!"

அப்படித்தான் அவளும் நெனச்சா. அப்புறம் சட்டையைத் திருப்பித் தையலைப் பாத்தா. அவரு தச்சா ஒரு இஞ்சுக்குப் பன்னெண்டு தையல் விழும். இதுல எட்டுதான். அக்குள் வளைவுல துணியைத் திருப்பத் தெரியாம நேரா ஓட்டி, பிரிச்சு, மறுபடி ஓட்டியிருக்கு. இது அவரு கை இல்ல.

ராத்திரி பித்தான் அஞ்சையும் எண்ணி மேசையில வச்சா. காலையில நாலு தச்சிருந்துச்சு. அஞ்சாவது வீடு முழுக்கப் பெருக்கிப் பாத்தும் கெடைக்கல. அதோட சத்தமும் நின்னு போச்சு.

"அந்தச் சட்டைக்காரப் பையன்தான் பேய்! அவனும் செத்திருப்பான்!"

அளவு நோட்டுல மார்பு முப்பது இஞ்சுடா. முப்பது இஞ்சுன்னா பெரிய பையன், கால் நல்லா எட்டும்.

"அப்போ வேலை பழகுன பையன் எவனாவது?"

அவரு யாரையும் வேலைக்கு வச்சதே இல்ல.

"அப்போ அந்தப் பாட்டியே தூக்கத்துல எழுந்து தச்சிருக்கும். நுனிக்கால்ல மிதிச்சா குதிகால் படாதுல்ல?"

இது நல்ல கேள்வி. அவ காலும் சின்னக் காலுதான். ஆனா அவளுக்குக் கண்ல புரை. பகல்லயே ஊசியில நூல் கோக்க மாட்டா, பக்கத்து வீட்டுப் பிள்ளைதான் கோத்துக் குடுக்கும்.

"அந்தப் பிள்ளைக்கு எத்தனை வயசு அப்பத்தா?"

ஆறு. ஆனா அது ராத்திரியெல்லாம் அவங்க அம்மா மடியிலதான் தூங்குச்சாம், அம்மாவே சொல்லுச்சு.

"தூங்குறப்ப அம்மாவுக்கு எப்படித் தெரியும்?"